லென்ஸ் இடப்பெயர்ச்சி முறையில் குவியத் தொலைவு: பிழைக் கணக்கு இடறும் இடங்கள்

குவிலென்ஸின் குவியத் தொலைவை இடப்பெயர்ச்சி முறையில் கண்டறியும் சோதனையில் அளவீடு எடுப்பதற்கு அரை மணி நேரம் போதும். ரெக்கார்டில் அதன் பிழைப் பகுப்பாய்வை எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. திருத்துவதற்கு வரும் ரெக்கார்டுகளில் ஆண்டுதோறும் அதே நான்கைந்து கோளாறுகளே திரும்பத் திரும்ப வருவதால், கண்ணில் படும் அறிகுறியைக் கொண்டே காரணத்தைத் தேடிச் செல்லும்படி இவ்வழிமுறை அமைக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவோ உழைப்போ இல்லாத காரணம் முதலிலும், சோதனையையே மீண்டும் செய்ய வைக்கும் காரணம் கடைசியிலும் வரும்.

குறியீடுகள் இவை. ஒளியூட்டிய கம்பிவலைக்கும் திரைக்கும் இடையிலான தொலைவு D. அதை மாற்றாமல் லென்ஸை மட்டும் நகர்த்தும்போது, திரையில் ஒருமுறை பெரிதாகவும் ஒருமுறை சிறிதாகவும் தெளிவான பிம்பம் விழுகின்ற இரண்டு நிலைகளுக்கு இடையிலான தொலைவு d. அப்போது

```
f = (D² − d²) / 4D
```

பின்வரும் பகுதிகள் அனைத்திலும் ஒரே அளவீட்டுத் தொகுதியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஆப்டிகல் பெஞ்சின் அளவுகோலில் படித்த மதிப்புகள் சென்டிமீட்டரில்:

```
D      d      f
90.0   31.4   19.76
100.0  45.6   19.80
110.0  58.5   19.72
120.0  70.1   19.76
```

சராசரி 19.76. நான்கு மதிப்புகளின் திட்ட விலக்கம் 0.03. சராசரியின் திட்டப் பிழை, அதாவது 0.03-ஐ √4-ஆல் வகுத்தது, ஏறத்தாழ 0.02. ஆகவே மாணவர் 19.76 ± 0.02 செ.மீ. என்று எழுதுகிறார். தொலைப்பொருள் முறையில் அதே லென்ஸுக்கு அவருக்குக் கிடைத்தது 20.2 செ.மீ.

## அறிகுறி 1: மதிப்புகள் தமக்குள் ஒத்துப்போகின்றன, ஆனால் வேறு முறையில் கிடைத்த மதிப்போடு ஒத்துப்போகவில்லை

மேலே உள்ள எடுத்துக்காட்டில் இரண்டு முறைகளுக்கும் இடையே 0.44 செ.மீ. வேறுபாடு இருக்கிறது. எழுதப்பட்டுள்ள பிழையோ 0.02 மட்டுமே. இத்தகைய ரெக்கார்டுகளில் பெரும்பாலும் "கண்ணின் தவறாலும் மனிதப் பிழையாலும் வேறுபாடு ஏற்பட்டது" என்ற ஒரு வரி காணப்படும். அந்த வரி எதையும் விளக்குவதில்லை. கண்ணின் தவறு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கமாக விழுமே தவிர, நான்கு மதிப்புகளையும் ஒரே பக்கமாக, ஏறத்தாழ ஒரே அளவு தள்ளி வைக்காது. எனவே முறையான பிழை ஒன்று எங்கோ இருக்கிறது என்று கொண்டு தேட வேண்டும்.

### முதலில் ஐயப்பட வேண்டியது: ஒப்பிடும் மதிப்பு

தொலைப்பொருள் முறையில் கிடைத்ததைச் சரியான மதிப்பு என்று எடுத்துக்கொள்வது பொதுவான வழக்கம். ஆனால் ஆய்வகச் சன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் ஈறிலாத் தொலைவில் இல்லை. பொருள் u தொலைவில் இருந்தால் பிம்பம் f-இல் விழாமல், அதைவிட ஏறத்தாழ f²/u அளவு அப்பால் விழும். 20 செ.மீ. லென்ஸுக்கு மரம் 20 மீட்டர் தொலைவில் இருந்தால் இந்த மிகை 400/2000, அதாவது 0.2 செ.மீ. மரம் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறது என்பதைக் காலடியால் அளந்தாலே போதும், திருத்தத்தைப் போட்டுவிடலாம். நம் எடுத்துக்காட்டில் 20.2 என்பது 20.0 ஆகிறது. ஒரு சொட்டு உழைப்பில் வேறுபாட்டில் பாதி தீர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது 0.24.

### அடுத்தது: D-இல் உள்ள இன்டெக்ஸ் பிழை

பெஞ்சின் அளவுகோலில் நாம் படிப்பது தாங்கிகளின் அடியில் உள்ள குறிகளின் இடத்தை. கம்பிவலையும் திரையும் அந்தக் குறிகளுக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வலை ஒட்டிய தகடு குறிக்குப் பின்னால் 5 மி.மீ. தள்ளியும் திரையின் முகம் 3 மி.மீ. தள்ளியும் இருந்தால், உண்மையான D நாம் படித்ததைவிட 0.8 செ.மீ. கூடுதல். இந்த வழு எல்லா அளவீடுகளிலும் ஒரே மாதிரி இருப்பதால் எத்தனை முறை அளந்தாலும் சராசரியில் மறையாது.

D-இல் உள்ள பிழை f-இல் எந்த அளவுக்கு இறங்குகிறது என்பதைக் கீழ்க்காணும் கெழு சொல்கிறது:

```
∂f/∂D = (1 + d²/D²) / 4
```

நம் அளவீடுகளில் இது D = 90-இல் 0.28 ஆகவும் D = 120-இல் 0.34 ஆகவும் இருக்கிறது. ஆக, 0.8 செ.மீ. இன்டெக்ஸ் பிழையால் முதல் மதிப்பு 0.22-ம் கடைசி மதிப்பு 0.27-ம் குறைந்து வருகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 0.05 மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். D-ஐ மாற்றி மாற்றி அளந்தால் முறையான பிழை ஒரு சாய்வாக வெளிப்பட்டுவிடும் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். இச்சோதனையில் அந்தச் சாய்வு, பிம்பத்தைத் தெளிவாக்குவதில் வரும் ஒழுங்கற்ற பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் அளவுக்குச் சிறியது. மதிப்புகள் அழகாக ஒத்துப்போவது, D சரியாக அளக்கப்பட்டது என்பதற்குச் சான்று ஆகாது.

D² − d² ஐ D-க்கு எதிரே வரைபடமாக வரைந்து, கோடு தொடக்கப் புள்ளி வழியே செல்லாவிட்டால் வெட்டுத்துண்டிலிருந்து இன்டெக்ஸ் பிழையைக் கண்டுபிடிக்கலாம் என்பது கொள்கையளவில் சரியே. நம் நான்கு புள்ளிகளுக்கு அப்படிச் செய்து பார்த்தால் சரிவு 78.7, வெட்டுத்துண்டு 33 என்று வந்து, இன்டெக்ஸ் பிழை 0.4 செ.மீ. என்று சொல்கிறது. உண்மையில் இருப்பது 0.8. புள்ளிகள் 90-க்கும் 120-க்கும் இடையில் இருக்க, கோட்டை D = 0 வரை பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனால் வெட்டுத்துண்டு நூறு வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆடும். எனவே ஐயத்தை எழுப்ப மட்டுமே வரைபடத்தைப் பயன்படுத்தலாம். திருத்தம் போட அது உதவாது.

சரியான சோதனை இது. நீளம் தெரிந்த நேரான கம்பி ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னல் ஊசியோ நிமிர்த்திய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியோ போதும். அதன் ஒரு முனை கம்பிவலையையும் மறுமுனை திரையையும் தொடும்படி தாங்கிகளை நெருக்கி, பெஞ்சில் இரு குறிகளையும் படிக்க வேண்டும். வலையை அழுத்திவிடக் கூடாது. கம்பி தொட்டவுடன் நிறுத்த வேண்டும். கம்பியின் உண்மை நீளத்திலிருந்து பெஞ்சு காட்டும் இடைவெளியைக் கழித்தால் கிடைப்பதே D-உடன் கூட்ட வேண்டிய திருத்தம். எடுத்துக்காட்டாக, கம்பி 28.9 செ.மீ., பெஞ்சு காட்டுவது 28.1 செ.மீ. எனில் திருத்தம் +0.8.

இதைக் கூட்டிக் கணக்கிட்டால் நான்கு மதிப்புகளும் 19.99, 20.04, 19.98, 20.03 என்று மாறுகின்றன. சராசரி 20.01. தொலைப்பொருள் முறையின் திருத்திய மதிப்போடு இப்போது ஒத்துப்போகிறது. நான்கு மதிப்புகளின் சிதறல் முன்பிருந்த அதே 0.03-ஆகவே நீடிக்கிறது என்பதையும் பாருங்கள். திருத்தத்துக்கு முன்பும் பின்பும் திட்ட விலக்கம் ஒன்றேதான். நடுப்புள்ளி மட்டும் கால் சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. லென்ஸ் தாங்கிக்கும் இன்டெக்ஸ் பிழை உண்டு என்று எண்ணி d-ஐயும் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். லென்ஸ் அதன் குறியிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தாலும் இரு நிலைகளிலும் அதே அளவுதான் தள்ளி இருக்கும்; கழிக்கும்போது அது போய்விடும். இம்முறையின் சிறப்பே அதுதான். இரண்டு நிலைகளுக்கும் இடையில் லென்ஸைக் கழற்றித் திருப்பி மாட்டினாலோ தாங்கி சாய்ந்துவிட்டாலோ மட்டுமே இந்தச் சலுகை பறிபோகும்.

### மூன்றாவது: லென்ஸின் தடிமன்

இடப்பெயர்ச்சி முறையில் லென்ஸின் மையம் எங்கே என்று தெரிய வேண்டியதில்லை என்பது உண்மை. அதனால் தடிமனும் ஒரு பொருட்டல்ல என்று எழுதுவது தவறு. சூத்திரத்தில் வரவேண்டியது D அல்ல, D-இலிருந்து லென்ஸின் இரு முதன்மைத் தளங்களுக்கு இடையிலான இடைவெளியைக் கழித்த மதிப்பு. சாதாரணக் கண்ணாடியில் செய்த இருபுறக் குவிலென்ஸுக்கு அந்த இடைவெளி நடுத்தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதை மேலே கண்ட 0.3 என்ற கெழுவால் பெருக்கினால், கணக்கிட்ட f உண்மையைவிடத் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவு கூடுதலாக வரும் என்று கிடைக்கிறது. நடுத்தடிமன் 5 மி.மீ. உள்ள லென்ஸுக்கு அது 0.05 செ.மீ. ஸ்குரூகேஜை எடுத்து ஒருமுறை அளந்து, இந்தத் தொகை உங்கள் பிழையைவிடச் சிறிதா பெரிதா என்று பார்த்தால் போதும். பெரிதாக இருந்தால் திருத்தம் போடலாம். சிறிதாக இருந்தால் "புறக்கணிக்கப்பட்டது, அளவு இவ்வளவு" என்று ஒரு வரியில் குறிப்பிடலாம்.

### கடைசியாக: நிறப்பிறழ்ச்சியும் லென்ஸின் ஓரமும்

வெள்ளை ஒளியில் வலையின் கம்பிகளுக்கு ஒரு பக்கம் செந்நிறமும் மறுபக்கம் நீலமும் தெரிந்தால், மாணவர் எந்த நிறத்தைத் தெளிவாக்கினார் என்பதே தெளிவில்லை. சாதாரண கிரௌன் கண்ணாடியில் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே குவியத் தொலைவு அறுபதில் ஒரு பங்கு அளவு வேறுபடும், 20 செ.மீ. லென்ஸில் அது 0.3 செ.மீ. பல்புக்கு முன் பச்சை வடிகட்டி ஒன்றை வைத்தால் இது அடங்கும். லென்ஸுக்கு முன் நடுவில் துளையிட்ட கறுப்பு அட்டையை வைத்தால் ஓரக் கதிர்கள் மறைந்து பிம்பத்தின் விளிம்பு கூர்மையாகும். இரண்டுமே அளவீடுகளை மறுபடியும் எடுக்கச் சொல்பவை. அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறேன்.

## அறிகுறி 2: கணக்கிட்ட பிழை, மதிப்புகளின் சிதறலைவிட மிகப் பெரிதாக வருகிறது

இதற்கு ஏறத்தாழ எப்போதும் ஒரே காரணம்தான். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் ஒப்பீட்டுப் பிழைகளைக் கூட்ட வேண்டும் என்ற விதியை இந்தச் சூத்திரத்தில் அப்படியே பொருத்திவிடுகிறார்கள். தொகுதியின் பிழையைத் தனியாகவும் பகுதியின் பிழையைத் தனியாகவும் கண்டு கூட்டுகிறார்கள். ஆனால் D தொகுதியிலும் இருக்கிறது, பகுதியிலும் இருக்கிறது. D கூடினால் இரண்டும் சேர்ந்தே கூடும். ஒன்றின் விளைவை மற்றது ஓரளவு ஈடுகட்டும். இரண்டையும் தொடர்பற்றவையாகக் கருதிக் கூட்டும்போது அந்த ஈடு கணக்கில் வருவதில்லை.

D = 100.8, d = 45.6 என்ற அளவீட்டை எடுத்துக்கொள்வோம். D-இன் பிழை 0.1, d-இன் பிழை 0.2 என்க. தவறான வழியில் தொகுதியின் பிழை 20.2 + 18.2 = 38.4, தொகுதி 8081, எனவே 0.475 விழுக்காடு. பகுதிக்கு 0.1 விழுக்காடு. கூட்டினால் 0.57 விழுக்காடு, f-இல் 0.115 செ.மீ.

சரியான வழியில் இரண்டு கெழுக்கள் வேண்டும். D-க்கான கெழு ஏற்கெனவே மேலே உள்ளது, d-க்கானது d/2D. இங்கே அவை 0.30-ம் 0.226-ம் ஆகும். D-இன் பங்கு 0.030, d-இன் பங்கு 0.045. மிகப்பெரும் பிழை வேண்டுமானால் இரண்டையும் நேராகக் கூட்டி 0.075, பிழைகள் ஒன்றையொன்று சாராதவை எனில் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்து 0.054. தவறான வழி இந்த 0.054-ஐப் போல இரு மடங்குக்கும் மேல் கொடுத்திருக்கிறது.

பகுதி வகைக்கெழு இன்னும் படிக்காத மாணவரும் இதைச் சரிபார்க்கலாம். கால்குலேட்டரில் D-ஐ மட்டும் 100.9 ஆக்கி மறுபடியும் f கணக்கிட்டால் 20.073 வரும், முன்பு இருந்தது 20.043, வேறுபாடு 0.030. அடுத்து D-ஐப் பழையபடி 100.8-ஆகவே வைத்து d-ஐ மட்டும் 45.8 ஆக்கினால் 19.998, வேறுபாடு 0.045. கெழுக்கள் தந்த அதே எண்கள். இந்த இரண்டு வரிகளை ரெக்கார்டில் எழுதினாலே பிழைப் பகுப்பாய்வு ஆகிவிடும். எனக்குச் சூத்திரத்தை வரி வரியாக எழுதி நடுவில் குறியை மாற்றிவிடும் வருவிப்பைவிட இதுவே பிடிக்கும்.

பிறகு ஒருமுறை எண்களை எதிரெதிரே வைத்துப் பாருங்கள். d-இன் பிழை மட்டும் ஓர் அளவீட்டில் 0.045 சிதறலைத் தரும் என்று கணக்கு சொல்கிறது. நான்கு மதிப்புகளும் உண்மையில் காட்டிய சிதறல் 0.03. ஒரே தரத்தில் உள்ளன. கணக்கு சிதறலைப் போல ஐந்து மடங்கோ ஐந்தில் ஒரு பங்கோ வந்திருந்தால், d-இன் பிழைக்குக் கொடுத்த மதிப்பு தவறு.

## அறிகுறி 3: கணக்கிட்ட பிழை நம்ப முடியாத அளவுக்குச் சிறிதாக வருகிறது

எளிய காரணம், d-இன் பிழையாக அளவுகோலின் மீச்சிற்றளவான 0.1 செ.மீ.-ஐயோ அதில் பாதியையோ எடுத்துக்கொண்டது. அளவுகோலைப் படிப்பதில் வரும் பிழை அவ்வளவுதான். பிம்பம் எந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது என்று முடிவு செய்வதில் வரும் பிழை அதைவிடப் பெரிது. லென்ஸை ஓரிடத்தில் வைத்துவிட்டு, இடப்பக்கமிருந்து மெல்ல நகர்த்தித் தெளிவு வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வலப்பக்கமிருந்து வந்து மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இராது. இப்படி ஐந்தாறு முறை செய்தால் வரும் திட்ட விலக்கமே அந்த நிலையின் பிழை. அது 0.15 எனில், d இரண்டு நிலைகளின் வேறுபாடு ஆதலால் அதன் பிழை √2 மடங்காகி 0.2 ஆகும். பெரிய பிம்ப நிலைக்கும் சிறிய பிம்ப நிலைக்கும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும். இரண்டிலும் ஒரே சிதறல் இருக்கும் என்று கொள்ள முடியாது.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. முறையான பிழையையும் √4-ஆல் வகுத்துவிடுவது. ஒழுங்கற்ற பிழை மட்டுமே அளவீடுகளின் எண்ணிக்கை கூடக் கூடக் குறையும். கம்பியால் இன்டெக்ஸ் திருத்தம் கண்டதில் 0.1 செ.மீ. ஐயம் இருந்தால், அது நான்கு அளவீடுகளிலும் ஒன்றாகவே நிற்கிறது, 0.3 கெழுவால் பெருகி f-இல் 0.03 ஆக முழுமையாக இறங்குகிறது. நம் எடுத்துக்காட்டில் ஒழுங்கற்ற பகுதி 0.016, முறையான பகுதி 0.03. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 0.034. ஆகவே எழுத வேண்டிய முடிவு 20.01 ± 0.03 செ.மீ. என்பதாகும். அதிலும் 0.03-இன் பெரும்பகுதி ஒரு சைக்கிள் கம்பியை அளந்த விதத்திலிருந்து வருகிறது என்பது தெரிந்தால், அடுத்த முறை எங்கே கவனம் செலுத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். நாற்பது முறை பிம்பத்தைத் தெளிவாக்கினாலும் இந்த 0.03-இல் அசைவு இராது.

## அறிகுறி 4: ஓர் அளவீட்டில் மட்டும் d நிலையாகக் கிடைப்பதில்லை

D எவ்வளவு என்று முதலில் பாருங்கள். D நான்கு மடங்கு f-க்குக் குறைவாக இருந்தால் திரையில் பிம்பமே விழாது. அதைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் இரண்டு நிலைகளும் ஒன்றையொன்று நெருங்கி, இடையில் எங்கே லென்ஸை வைத்தாலும் பிம்பம் ஓரளவு தெளிவாகவே தோன்றும். 20 செ.மீ. லென்ஸுக்கு D = 82 என்று வைத்தால் d வெறும் 12.8 செ.மீ.; அதிலும் ஒரு சென்டிமீட்டர் முன்பின்னாக இருப்பது இயல்பு.

இங்கே இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன. d-இல் எட்டு விழுக்காடு பிழை இருக்கிறது என்று பார்த்து அளவீட்டையே தூக்கி எறிகிறவர் உண்டு. ஆனால் d-க்கான கெழு d/2D இங்கே 0.078 மட்டுமே ஆதலால், அந்த ஒரு சென்டிமீட்டர் f-இல் 0.08 செ.மீ. ஆகவே இறங்கும். பெரிதுதான், ஆனால் பேரழிவு அல்ல. மறுபுறம், கெழு இவ்வளவு சிறிது என்று கண்டு மகிழ்ந்து, d-இன் பிழையாக மீச்சிற்றளவு 0.1-ஐயே போட்டு 0.008 என்று எழுதுகிறவரும் உண்டு. கெழு சுருங்குகிற அதே இடத்தில் d-இன் பிழை வீங்குகிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

D மிகப் பெரிதாக இருப்பதும் சரியல்ல. D = 160 எனில் சிறிய பிம்பம் பொருளில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும்; பெரிய பிம்பமோ ஆறு மடங்குக்குப் பரவி மங்கிவிடும். நாலரை மடங்கு f-க்கும் ஆறு மடங்கு f-க்கும் இடையில் D-ஐ வைத்துக்கொள்வதே வசதி. எடுத்துக்காட்டில் 90 முதல் 120 வரை எடுத்ததும் அதனால்தான்.

D சரியான எல்லைக்குள் இருந்தும் ஒரு d மட்டும் ஒத்துவராவிட்டால், இரண்டு பிம்பங்களிலும் வலையின் ஒரே பகுதியின் அளவை ஸ்கேலால் அளந்து, பெரியதைச் சிறியதால் வகுத்து மூலம் எடுங்கள். அது (D + d)/(D − d)-க்குச் சமமாக வர வேண்டும். சிறிய பிம்பத்தை அளப்பதில் துல்லியம் போதாது என்பதால் இது நுண்ணிய சோதனை அல்ல. ஆனால் அளவுகோலில் 54-ஐ 45 என்று படித்துவிட்டது போன்ற மொத்தப் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும்.

## அறிகுறி 5: சராசரியை வேறு விதமாக எடுத்தால் விடை மாறுகிறது

சிலர் ஒவ்வொரு வரிக்கும் f கணக்கிடாமல், D-இன் சராசரியையும் d-இன் சராசரியையும் கண்டு சூத்திரத்தில் ஒருமுறை மட்டும் போடுகிறார்கள். நம் அட்டவணையில் சராசரி D 105, சராசரி d 51.4; f = 19.96. ஒவ்வொன்றாகக் கணக்கிட்ட சராசரியோ 19.76.

இந்த 19.96-இல் ஒரு பொறி இருக்கிறது. இன்டெக்ஸ் பிழை திருத்தப்படாத அளவீடுகளிலிருந்து உண்மை மதிப்பான 20.0-க்கு மிக அருகில் வந்துவிட்டது. மாணவரும் தம் சோதனை சிறப்பாக அமைந்ததாக எழுதிவிடுவார். D-க்கும் d-க்கும் உள்ள தொடர்பு நேர்கோடு அல்ல ஆதலால், d-இன் சராசரி சராசரி D-க்கு உரிய d-ஐவிடக் குறைவாக இருக்கும். அதனால் f கூடுதலாக வரும். இன்டெக்ஸ் பிழை கீழே இழுத்ததை இந்தத் தவறு மேலே தள்ளியிருக்கிறது. இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. இன்டெக்ஸ் திருத்தம் போட்ட பிறகு அதே குறுக்குவழியில் கணக்கிட்டால் 20.2 வந்து நிற்கும். D-ஐ மாற்றாமல் ஒரே D-இல் பலமுறை d அளந்திருந்தால் மட்டுமே d-இன் சராசரியை எடுக்கலாம்.

## எப்போது ஆய்வகப் பொறுப்பாசிரியரை அழைக்க வேண்டும்

மேற்கண்டவற்றில் பெரும்பாலானவை மாணவரே தீர்த்துக்கொள்ளக் கூடியவை. பின்வரும் நிலைகளில் கணக்கோடு போராடுவது வீண்.

கம்பியால் கண்ட இன்டெக்ஸ் திருத்தம் பெஞ்சின் இடது முனையில் ஒன்றாகவும் வலது முனையில் இன்னொன்றாகவும் வந்தால், அளவுகோல் தேய்ந்தோ தண்டவாளம் வளைந்தோ இருக்கிறது. அந்தப் பெஞ்சுக்கு ஒற்றை எண்ணாகத் திருத்தம் சொல்ல முடியாது. பெஞ்சை மாற்றித் தரும்படி ஆய்வக உதவியாளரிடம் கேட்க வேண்டும்.

லென்ஸை நகர்த்தும்போது பிம்பம் திரையில் பக்கவாட்டில் ஓடினால், வலையும் லென்ஸும் திரையின் நடுவும் ஒரே நேர்கோட்டில் இல்லை. தாங்கியின் உயரத்தையும் பக்கவாட்டு இடத்தையும் சரிசெய்தும் ஓட்டம் நிற்காவிட்டால் லென்ஸ் அதன் வளையத்தில் சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கலாம். அதை நீங்களே கழற்ற முயல வேண்டாம்; விளிம்பு உடைந்த லென்ஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன.

வலையின் நெடுக்குக் கம்பிகள் தெளிவாக இருக்கும் இடத்தில் குறுக்குக் கம்பிகள் மங்கி, லென்ஸைச் சற்று நகர்த்தினால் அது தலைகீழாக மாறினால், முதலில் லென்ஸ் ஒளியின் திசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றும் அப்படியே இருந்தால் லென்ஸே குறையுடையது. அதற்கு ஒரே குவியத் தொலைவு இல்லை. பொறுப்பாசிரியரிடம் காட்டிவிட்டு வேறு லென்ஸ் வாங்கிக்கொண்டு, அளவீடுகளை முதலிலிருந்து எடுப்பதைத் தவிர வழியில்லை. பழைய அட்டவணையைக் கிழித்துவிடாமல், மேலே ஒரு கோடு போட்டுக் காரணத்தைப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு அடுத்த பக்கத்தில் தொடங்குங்கள்.